பேச்சாளர் அறிமுகம்: கயல்விழி, தரவுத்தளப் பொறியாளர்

நிகழ்ச்சி நிரலுக்கு

கயல்விழி சென்னையில் பணிபுரியும் தரவுத்தளப் பொறியாளர். நூலகப் பட்டியல், உறுப்பினர் பதிவேடு, பழைய இதழ்த் தொகுப்பு போன்ற தமிழ்த் தரவுகளைத் தேடவும் அகரவரிசையில் அடுக்கவும் தக்கபடி சீர்செய்வது இவர் வேலை. யூனிகோடு, பழைய எழுத்துரு மாற்றம், போஸ்ட்கிரெஸ் ஆகியவை பற்றிப் பேசுகிறார்.

இணையப் பக்கத்துக்கு

தமிழ்த் தரவில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை திரையில் தெரியாது. பெயர் சரியாகத்தான் தெரியும், தேடினால் வராது. இந்தக் கண்ணுக்குத் தெரியாத பிழைகளே கயல்விழியின் களம். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தரவுத்தளப் பணியில் இருக்கும் இவர், இப்போது பதிப்பகங்களுக்கும் நூலகங்களுக்கும் மென்பொருள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் தரவுக் குழுவை நடத்துகிறார். பிழையைத் தேடலின்போது சமாளிப்பதைவிட, தரவு உள்ளே வரும் இடத்திலேயே திருத்திவிட வேண்டும் என்பது இவருடைய உறுதியான நிலைப்பாடு. மூன்று உரைகளும் அதையே வலியுறுத்துகின்றன.

உரைகள்

*கொள்ளிடம் ஏன் கிடைக்கவில்லை?* (30 நிமிடம், தொடக்க நிலை)

‘கொ’ என்ற எழுத்தை U+0B95, U+0BCA என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். U+0B95, U+0BC6, U+0BBE என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நேரடியாக ஒப்பிட்டால் வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோடின் NFC இயல்பாக்கம் இதைத் தீர்த்துவிடும். ஆனால் ‘கௌ’ என்பதற்குப் பதில் ‘கெ’ போட்டு ‘ள’ தட்டியிருந்தால் அதை NFC தொடாது, ஏனென்றால் அது முறையான வேறொரு எழுத்துத்தொடர். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான்: ஸ, ஶ இரண்டில் எதைக் கொண்டு எழுதினாலும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவமே வரும். எது தானாகச் சரியாகும், எதற்குத் தனி விதி எழுத வேண்டும் என்ற பட்டியலோடு கேட்பவர் வீடு திரும்பலாம்.

*பாமினியிலிருந்து யூனிகோடுக்கு* (90 நிமிடப் பயிற்சி, நடுநிலை)

இவர் அதிகம் அழைக்கப்படும் அமர்வு இது. ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியில் ‘கொ’ என்பது `nfh`. `fh` என்பதை முதலில் ‘கா’வாக மாற்றிவிட்டால், முன்னால் நிற்கும் `n` அநாதையாகி ‘ெகா’ என்று உடைந்துவிடும். அதனால் நீளமான கோவையை முதலில் மாற்ற வேண்டும். `h` என்றால் துணைக்கால், `h;` என்றால் ‘ர்’. இங்கும் அதே வரிசைதான். ஆங்கிலச் சொற்கள் கலந்த கோப்பில் இன்னொரு ஆபத்து உண்டு: எழுத்துருத் தகவலைப் பார்க்காமல் மாற்றினால் ஆங்கிலமும் தமிழ் எழுத்துக் குப்பையாகும். பங்கேற்பவர்கள் பைத்தான் நிறுவிய மடிக்கணினியும், மாற்ற வேண்டிய தங்கள் கோப்பின் ஒரு பக்க மாதிரியும் கொண்டுவர வேண்டும். மூலக் கோப்பை அல்ல, நகலை.

*அகரவரிசை அகரவரிசையாக வர* (20 நிமிடம், நடுநிலை)

யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்து நிற்கிறது; நம் வரிசையில் அது கடைசி மெய். ‘ழ’ எழுத்தும் ‘வ’வுக்கு முன்னால் வந்துவிடுகிறது. எண்படி அடுக்கிய அகராதியில் வாசகர் சொல்லைத் தவறவிடுவது இதனால்தான். போஸ்ட்கிரெஸ் 13 முதல் ஒரே வினவலில் இயல்பாக்கி, தமிழ் வரிசையிலும் அடுக்கலாம்:

```sql
SELECT title FROM books
ORDER BY normalize(title, NFC)
         COLLATE "ta-x-icu";
```

பெரிய அட்டவணையில் இந்தக் கோவைக்கே குறியீட்டு அட்டவணை போடாவிட்டால் வேகம் குறையும். அதை எப்படிப் போடுவது, அகரவரிசை விதிகளைத் தரும் ஐசியூ நிரலகத்தின் பதிப்பு மாறினால் ஏன் மறுபடி கட்ட வேண்டும் என்பதும் உரையில் உண்டு.

குழு விவாதங்களுக்கு

தமிழ்த் தேடல், எழுத்துணரி வெளியீட்டைத் திருத்துதல், படிவங்களில் தமிழ்ப் பெயர்களைச் சரிபார்த்தல் ஆகியவற்றில் அழைக்கலாம். எழுத்துரு வடிவமைப்பும் மொழிபெயர்ப்பு மென்பொருளும் இவர் துறை அல்ல.

மேடையில் வாசிக்க

“அடுத்து பேச வருபவர் தரவுத்தளப் பொறியாளர் கயல்விழி. திரையில் சரியாகத் தெரியும் ஒரு தமிழ்ப் பெயர் தேடலில் ஏன் சிக்குவதில்லை என்பதைக் குறியீடு குறியீடாகப் பிரித்துக் காட்டப்போகிறார். உங்கள் தரவுத்தளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு சொல் இருந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் கேள்விகளுக்கானது. வாங்க, கயல்விழி.”