ஏப்ரல் 30-க்குப் பிறகு உங்கள் வைத்தியமும் ஃபைலும்: டாக்டர் மீனாட்சியின் கடிதம்

தண்டையார்பேட்டை, சென்னை
3 மார்ச் 2025

என்னிடம் வைத்தியம் பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற ஏப்ரல் 30, புதன்கிழமை இரவோடு நான் ப்ராக்டிஸை நிறுத்துகிறேன். 37 வருஷமாக இதே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து உங்களைப் பார்த்தாகிவிட்டது, இப்போது எனக்கு 66 வயது, ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து இன்னொன்று பாக்கி இருக்கிறது. சீட்டில் இருக்கும் சின்ன எழுத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துப் படிக்கிற நிலையில் மருந்து எழுதக் கூடாது என்று எனக்கே தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம்.

மே 2, வெள்ளிக்கிழமையிலிருந்து உங்களை டாக்டர் பிரவீணா பார்ப்பார். பொது மருத்துவத்தில் எம்.டி., ஸ்டான்லியில் படித்தவர், ஒன்றரை வருஷமாக செவ்வாய், வெள்ளி சாயந்திரம் என் க்ளினிக்கில் உட்காருகிறவர், உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்தவர்தான். நான் இருக்கும் கட்டடத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்கிறேன். அதனால் நீங்கள் போக வேண்டியது புதுவண்ணாரப்பேட்டை மெட்ரோ பக்கத்தில் இருக்கும் அவருடைய க்ளினிக்குக்கு. இங்கிருந்து ஒரு ஸ்டேஷன் தூரம். தரைத்தளம், படி ஏற வேண்டாம், முட்டிவலிக்காரர்களுக்காக இதை முதலிலேயே சொல்கிறேன். நேரம் காலை 10 முதல் 1 வரை, சாயந்திரம் 6 முதல் 9 வரை, ஞாயிறு லீவு. ஃபீஸ் அதே 150 ரூபாய், தீபாவளி வரைக்கும் ஏற்றுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். லில்லி சிஸ்டரும் அங்கேதான் வருகிறார். க்ளினிக் நம்பரும் மாறாது, உங்கள் சீட்டின் தலைப்பில் இருக்கும் அதே நம்பர் இனி சிஸ்டரிடம் இருக்கும்.

அடுத்து ஃபைல் விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஃபைல் என்றால் வெறும் பிரஷரும் சுகரும் மட்டும் இல்லை. காசிமேட்டிலிருந்து வரும் ஒருவரின் ஃபைலில் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: "பத்து நாள் கடலில் இருப்பார். இன்சுலினை ஐஸ் மேல் நேராக வைக்கிறார், உறைந்துவிடுகிறது. துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஐஸ் படாமல் வைக்கச் சொல்லவும்." உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, அது தெரியாமல் அவர் சுகர் ஏன் இறங்கவே இல்லை என்று மூன்று மாதம் டோஸை ஏற்றிக்கொண்டே போனேன். இந்த ஒரு வரி புது டாக்டர் கைக்குப் போகவில்லை என்றால் அவரும் அதே மூன்று மாதத்தைத் தொலைப்பார். உங்கள் ஒவ்வொருவர் ஃபைலிலும் இப்படி ஒரு வரியாவது இருக்கிறது. அதற்காகத்தான் ஃபைலை ஒப்படைக்கச் சம்மதம் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் போகாது. சிஸ்டரிடம் ஒரு பக்கத் தாள் இருக்கிறது, ஏப்ரல் 30-க்குள் வந்து கையெழுத்துப் போடுங்கள், கைநாட்டும் போதும். வேறு டாக்டரிடம் போக விரும்பினால் தாராளமாகப் போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஃபைலின் நகலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே இருக்கிறது, அதனால் கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் ஃபைல் உங்களுக்கு மட்டும்தான். மருமகள் ஃபைலை மாமியார் கேட்டாலும், அண்ணன் ஃபைலைத் தம்பி கேட்டாலும், சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால்தான் கொடுப்போம்.

இன்னொன்று. சிலர் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மட்டும் சொன்ன விஷயங்கள் இருக்கின்றன. குடி, மன உளைச்சல், வீட்டில் அடி, ரத்தப் பரிசோதனையில் வந்த முடிவு, எதுவாகவும் இருக்கலாம். அந்தக் குறிப்புகளைத் தனிக் கவரில் போட்டு ஒட்டி என் வீட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் அதில் ஒரு தாள்கூட டாக்டர் பிரவீணாவிடம் போகாது. வைத்தியத்துக்கு அவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று எனக்குத் தோன்றினால் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன், முடிவு உங்களுடையது.

ஐந்து வருஷமாக வராதவர்களின் ஃபைலை அனுப்பவில்லை. ஜூன் 30 வரை சிஸ்டரிடம் இருக்கும், வந்து வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு கிழித்து அழித்துவிடுவோம். பீரோ மேல் பழைய எக்ஸ்ரேக்கள் ஒரு கட்டு கிடக்கின்றன, பெயர் பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள், நெஞ்சு எக்ஸ்ரே பழசு இருந்தால் புதுசோடு ஒப்பிட்டுப் பார்க்க ரொம்ப உதவும்.

இனி நான் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்வது ஒன்று இருக்கிறது. டாக்டர் மாறுகிறார் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், வாய் கோணியிருந்தது, வலது கை விழுந்துவிட்டது. அவருக்கு வழக்கமாகப் பார்த்த டாக்டர் ஊர் மாறிப் போய்விட்டார், புது டாக்டரிடம் போகக் கூச்சப்பட்டு நாலு மாதம் பிரஷர் மாத்திரை போடாமல் இருந்திருக்கிறார். "தலைவலியே இல்லையேம்மா, நல்லாத்தானே இருந்தேன்" என்று குழறிக் குழறிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது அவர் முகம்தான் முதலில் வந்தது. அதனால் ஏப்ரலில் வருகிறவர்கள் எல்லோருக்கும் மே, ஜூன் இரண்டு மாதத்துக்கும் சேர்த்துச் சீட்டு எழுதித் தருகிறேன்.

வலிப்பு மாத்திரை, இதய வால்வுக்காக ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, ரொம்ப நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், நீங்கள் ஒரு நாள்கூட விடக் கூடாது. வால்வுக்காரர்கள் ஐ.என்.ஆர். டெஸ்டை மாதாமாதம் எடுப்பதுபோலவே எடுங்கள், மே மாத ரிப்போர்ட்டோடு நேராக டாக்டர் பிரவீணாவிடம் போங்கள். உங்களில் சம்மதம் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலை அவரிடம் தனியாகக் கொடுத்துப் பேசுவேன், யாராவது வரவில்லை என்றால் சிஸ்டரே போன் செய்வார். டிபி மாத்திரை அரசு மையத்தில் வாங்குகிறவர்களுக்கு எதுவும் மாறவில்லை, அங்கேயே தொடருங்கள், கோர்ஸை முடியுங்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது, கரையில் இருப்பீர்கள். ஏப்ரல் 30-க்குள் ஒரு தடவை வாருங்கள், முடிந்தால் டாக்டர் பிரவீணாவும் நானும் சேர்ந்தே பார்க்கிறோம்.

மே மாதத்திலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட் போட்டோ அனுப்ப வேண்டாம். நான் பார்க்காமல் விட்டுவிட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து. ராத்திரியில் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கைகால் மரத்துப் போவது என்றால் யாருக்கும் போன் போட்டு யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், ஸ்டான்லிக்குப் போங்கள்.

கல்மண்டபம் மார்க்கெட்டில் பார்த்தால் பேசாமல் போய்விடாதீர்கள். குழந்தைகளாக என் கையில் ஊசி போட்டுக்கொண்டு அழுதவர்கள் இப்போது தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள், நீங்கள் எல்லோரும் எனக்கு வேண்டும்.

சம்மதத் தாளுக்கு வரும்போது பழைய சீட்டும், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஃபைலில் எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
டாக்டர் மீனாட்சி