புடவைக்கும் வாழ்த்து அட்டைக்கும் நன்றி

அன்புள்ள கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு,

பார்சலை நேற்று ராத்திரி வீட்டில்தான் பிரித்தேன். அரக்கு நிறச் சுங்குடி! ஒவ்வொரு புள்ளிக்கும் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது, தடவிப் பார்த்தாலே தெரிகிறது. கோயம்புத்தூர் ஆபீஸில் சேரும் முதல் நாள் இதைத்தான் கட்டப்போகிறேன். மதுரையும் என்னோடு வரும்.

அட்டையை மூன்று முறை படித்துவிட்டேன். வாட்ச்மேன் அண்ணன் எழுதிய "நல்லா இரு தாயி" என்ற வரியில் கண் கலங்கிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மார்ச் மாதம், வருடக் கணக்கு முடிக்கும் வேலையில் என் பங்கையும் நீங்களே பார்த்தீர்கள். அன்று சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது மனசாரச் சொல்கிறேன்.

அப்புறம், ஜி.எஸ்.டி. ஃபைல்களில் சந்தேகம் வந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
கலைச்செல்வி