சம்பளமில்லா விடுப்பு வேண்டி விண்ணப்பம்

மன்னார்குடி
10.02.2026

அனுப்புநர்:
செ. முருகானந்தம்,
கணக்காளர்.

பெறுநர்:
நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்,
நவீன அரிசி ஆலை,
மன்னார்குடி.

பொருள்: 15.04.2026 முதல் 31.08.2026 வரை சம்பளமில்லா விடுப்பு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேரில் பேச இரண்டு மூன்று முறை வந்தேன். சம்பா நெல் வரத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது இதைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

வீட்டில் வத்தல், வடகம், மோர்மிளகாய் போட்டு விற்கும் சிறு தொழிலைத் தொடங்க இருக்கிறோம். செய்முறை அம்மாவுடையது, உணவுப் பாதுகாப்புப் பதிவு மனைவி பெயரில். கொள்முதல், பாக்கெட், கடைகளுக்குப் போட்டுப் பணம் வசூலிப்பது எல்லாம் என் பொறுப்பு. குடமிளகாயை ராத்திரி மோரில் ஊறப்போட்டு, பகலில் வெயிலில் உலர்த்தி, மறுபடி அதே மோரில் போட வேண்டும். மோர் வற்றும்வரை நாள்தோறும் இதே வேலை. வேலைக்கு வந்துகொண்டே இதைப் பார்க்க முடியாது. நம் பக்கத்தில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எதுவும் காயாது. சித்திரை முதல் ஆவணி வரைதான் எனக்குக் காலம்.

ஆலைக்கும் அது மூச்சு விடும் நேரம்தான். மார்ச் 31 கணக்கு முடிப்பை நானே முடித்துவிட்டுத்தான் போவேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும், குறுவை நெல் நம் களத்துக்குப் பெருமளவில் வர செப்டம்பர் ஆகிவிடும். செப்டம்பர் 1 காலை என் நாற்காலியில் இருப்பேன்.

இடைப்பட்ட மாதங்களில் பில் பிரிவு ராஜலட்சுமி அன்றாடக் கணக்கைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அவருக்குக் கூடுதல் படி ஏதாவது கொடுத்தால் நியாயமாக இருக்கும். ஜி.எஸ்.டி.யை மட்டும் அவர் தலையில் கட்டப் போவதில்லை. மாதம் 11-ஆம் தேதிக்குள் GSTR-1, 20-ஆம் தேதிக்குள் GSTR-3B இரண்டையும் நானே வந்து சரிபார்த்துக் கொடுக்கிறேன். அதற்குச் சம்பளம் வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வடகத்துக்கு நொய் வேண்டும். நம் ஆலையிலேயே, மற்றவர்களுக்குப் போடும் அதே விலையில், ரொக்கத்துக்கு, ரசீதோடு வாங்கிக்கொள்கிறேன். ஆலையின் வாடிக்கையாளர் விவரம் எதையும் என் வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன்.

தொழில் நன்றாக ஓடினால் வேலையை விட்டுவிடுவானோ என்று நீங்கள் யோசிக்கலாம். மழைக்காலம் முழுக்க, காய்ந்த சரக்கைப் பாக்கெட் போட்டு விற்பதுதான் வேலை. அதை வீட்டில் இருவரே பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகள் படிப்புக்கு என் மாதச் சம்பளம்தான் ஆதாரம். வடகத்தை நம்பி அதை விடும் துணிச்சல் எனக்கில்லை.

விடுப்பு மாதங்களில் பி.எஃப். சந்தா சேராது என்பது தெரியும். திரும்பி வரும்போது இதே பதவியும் இப்போதைய சம்பளமும் எனக்கு இருக்கும் என்றும், கிராஜுவிட்டிக்குப் பணிக்காலம் முறியாது என்றும் எழுத்தில் தந்தால் போதும். முழுக் காலத்துக்கும் முடியாதென்றால், ஜூலை 15 வரையாவது அனுமதி கொடுங்கள்.

மார்ச் முதல் வாரத்துக்குள் பதில் கிடைத்தால் மிளகாய்க்கு முன்பணம் கொடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. முருகானந்தம்