முட்டை ஒவ்வாமை குறித்துச் சிற்றுண்டியகப் பொறுப்பாளருக்கு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

3ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் படிக்கும் என் மகளுக்கு முட்டை ஒவ்வாமை இருக்கிறது. அவித்த முட்டை, ஆம்லெட் மட்டுமின்றி, முட்டை சேரும் கேக், மயோனைஸ், கொத்துப் பரோட்டா, மேலே முட்டை தடவிச் சுட்ட பன், பப்ஸ் எதையும் அவளுக்குக் கொடுக்க வேண்டாம். பரோட்டா மாவிலும் சிலர் முட்டை சேர்ப்பதுண்டு, அதுவும் வேண்டாம்.

சென்ற மாதம் மாட்டுத்தாவணி அருகே ஓர் உணவகத்தில், ஆம்லெட் போட்ட கல்லிலேயே ஊற்றிய வெறும் தோசையைத் தின்ற சில நிமிடங்களில் அவள் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. ஆகவே அவளுக்கான தோசைக்கல்லும் கரண்டியும் முட்டை படாதவையாக இருக்க வேண்டுமென மிகவும் கேட்டுக்கொள்கிறேன். இட்லி, தயிர்சாதம் தாராளமாகக் கொடுக்கலாம்.

மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழைத்துவிட்டு, பிறகு எனக்குச் சொல்லுங்கள். மருந்து வகுப்பாசிரியையிடம் உள்ளது.

இப்படிக்கு,
மாணவியின் தாய்