அபாயமணி ஒலித்தால் விருந்தினர் மாடிகளைக் காலிசெய்தல்: பணியாளர்களுக்கான நடைமுறை

உப்புவெளிக் கடற்கரையில் அமைந்துள்ள எமது ஹோட்டலின் வரவேற்புப் பிரிவு, ஹவுஸ்கீப்பிங், மாடிப் பணியாளர், காவலாளி ஆகிய அனைவருக்கும் உரியது. கீழ்த்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடத்தில் மாடிக்கு 14 வீதம் 42 அறைகள் உள்ளன. இது தீக்கும் புகைக்குமான நடைமுறை. சுனாமி எச்சரிக்கைக்கான நடைமுறை வேறு. அதில் போகும் திசையும் கூடும் இடமும் வேறு என்பதால் இரண்டையும் கலந்து மனதில் வைக்க வேண்டாம்.

எல்லோருக்கும்

மணி ஒலித்ததும் வெளியேற்றம் தொடங்கிவிடுகிறது. "பொய்யான மணியாக இருக்கலாம், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று விருந்தினரை அறையில் காக்க வைக்கக் கூடாது. காரணத்தைத் தேடுவதற்கு ஒருவர் போதும். மற்ற எல்லோரும் ஆட்களை வெளியே கொண்டுவரும் வேலையில் இருக்க வேண்டும். லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.

தீ சிறியதாக இருந்து, பயிற்சி பெற்ற ஒருவர் அருகில் இருந்து, அவருக்குப் பின்னால் வெளியேறும் வழி திறந்திருந்தால் மட்டும் தீயணைப்பானை எடுக்கலாம். ஒரு தீயணைப்பான் ஒரு நிமிடம்கூட நின்று பீய்ச்சாது. அது முடிந்தும் தீ எரிந்தால் கதவைச் சாத்திவிட்டு விலகுங்கள். கொதிக்கும் எண்ணெய்மீது தண்ணீர் ஊற்றவே கூடாது.

வரவேற்புப் பிரிவு

பலகையில் எந்த மாடி விளக்கு எரிகிறது என்று பார்த்து, வோக்கி டோக்கியில் மூன்று மாடிகளுக்கும் சொல்லுங்கள். மணியை நிறுத்த வேண்டாம். அடுத்ததாக 110 இலக்கத்திற்கு அழைத்துத் தீயணைப்புப் பிரிவிடம் பின்வருமாறு சொல்லுங்கள்:

"திருகோணமலை, உப்புவெளி, நிலாவெளி வீதி. நகரிலிருந்து வரும்போது போர் வீரர் மயானத்தைத் தாண்டி, கடற்கரைப் பக்கம், மூன்று மாடி ஹோட்டல். இரண்டாம் மாடியில் தீ. விருந்தினரை வெளியேற்றுகிறோம். பெரிய வாயிலில் எங்கள் காவலாளி விளக்குடன் நிற்பார்."

மாடியை மட்டும் அன்றைய நிலைக்கேற்ப மாற்றிச் சொல்லுங்கள். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை நீங்களாக அழைப்பைத் துண்டிக்காதீர்கள். காயமடைந்தவர் இருந்தால் 1990, பொலிஸுக்கு 119.

பிறகு ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். மைக்கின் அருகே ஒட்டியுள்ள அட்டையில் மூன்று மொழிகளிலும் வாசகம் உள்ளது. தமிழில் இவ்வாறு:

"விருந்தினர்களே, கவனியுங்கள். கட்டடத்தில் அபாயமணி ஒலித்துள்ளது. தயவுசெய்து உடனே அறையை விட்டு வெளியேறுங்கள். பொருட்களை எடுக்க வேண்டாம். லிஃப்டில் ஏற வேண்டாம். படிக்கட்டால் இறங்கி, வீதிப் பக்க வாகனத் தரிப்பிடத்திற்கு வாருங்கள். பணியாளர்கள் வழிகாட்டுவார்கள்."

அவசரப்படாமல், இரண்டு தடவை வாசியுங்கள். உங்கள் குரல் பதறினால் படிக்கட்டில் கூட்டம் பதறும்.

அறைப் பட்டியல் எப்போதும் காகிதத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் கணினியை நம்ப முடியாது. மாலை 6 மணிக்கு அச்சிட்டு, அதன்பின் வருவோரையும் போவோரையும் பேனாவால் குறியுங்கள். ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர், சிறுபிள்ளைகள் உண்டா, நடக்க இயலாதவர், காது கேளாதவர் உண்டா என்பதும் அதில் இருக்க வேண்டும். விவரத்தை அவர்கள் வரும் நேரத்திலேயே மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி பலகையில் தொங்குகிறது என்பதற்காக அறை காலி என்று முடிவுசெய்யாதீர்கள். கணவர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போயிருப்பார். மனைவியும் பிள்ளையும் மேலே உறங்கிக்கொண்டிருப்பார்கள். புறாத் தீவுக்குப் படகில் போய் வந்தவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கே அயர்ந்து தூங்குவது மே முதல் செப்டெம்பர் வரை எங்களுக்கு வழக்கமான காட்சி.

மாடிப் பொறுப்பாளர்

இந்த நடைமுறையின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது. "காலி" என்ற சொல்லை, அறைக்குள் கண்ணால் பார்த்தவர் மட்டுமே சொல்லலாம். தட்டினேன், பதில் இல்லை என்பது காலி ஆகாது.

மாஸ்டர் சாவி, டோர்ச், வெண்கட்டி ஆகிய மூன்றும் மாடி மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கும். படிக்கட்டிலிருந்து தூரத்தில் உள்ள அறையில் தொடங்கிப் படிக்கட்டை நோக்கி வாருங்கள். தீ எங்கே என்று தெரிந்தால், அது உங்களுக்கும் படிக்கட்டுக்கும் இடையில் வராதபடி வரிசையை மாற்றுங்கள்.

புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காமல், அறை எண்ணை உடனே வரவேற்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். சூடில்லை என்றால் பலமாகத் தட்டி, உரக்கச் சொல்லி, சாவியால் திறவுங்கள். "தொந்தரவு செய்ய வேண்டாம்" அட்டைக்கு இந்த நேரத்தில் மதிப்பில்லை. ஆங்கிலத்தில் "ஃபயர், கம் அவுட் ப்ளீஸ்", சிங்களத்தில் "கின்னக், எளியட்ட என்ன". இந்த இரண்டு வரிகளும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

கட்டில், கட்டிலின் மறுபுறம், குளியலறை, பால்கனி ஆகிய நான்கையும் பாருங்கள். ஷவரின் இரைச்சலில் மணி கேட்காது. பயந்த பிள்ளை அலுமாரிக்குள்ளும் ஒளிந்துகொள்ளும். பார்த்து முடித்ததும் கதவைச் சாத்துங்கள், பூட்ட வேண்டாம். சாத்திய கதவு புகையைத் தடுக்கும். கதவின் கீழ்ப்பகுதியில், முழங்கால் உயரத்தில் வெண்கட்டியால் குறுக்குக் கோடு போடுங்கள். புகை மேலே திரளும். குனிந்து வருபவர் கண்ணுக்குக் கீழே உள்ள குறிதான் தெரியும்.

ஒருவர் வர மறுத்தால் வாதாடி நேரத்தை இழக்க வேண்டாம். இரண்டு தடவை சொல்லிவிட்டு, எண்ணை அறிவித்துவிட்டு அடுத்த அறைக்குப் போங்கள். நடக்க இயலாதவரை இருவர் சேர்ந்து படிக்கட்டால் இறக்க வேண்டும். ஆள் போதாவிட்டால் புகையில்லாத படித்தளத்தில் அமர்த்தி, ஒருவர் அவருடனேயே இருக்க வேண்டும். தனியாக விட்டுவரக் கூடாது.

நடைவழியில் புகை நிறைந்து ஒருவரால் வெளியேற முடியாது என்றால், அறைக் கதவைச் சாத்தி, ஈரத் துவாயால் கீழ் இடைவெளியை அடைத்து, பால்கனியில் நின்று வெள்ளைத் துணியை அசைக்கச் சொல்லுங்கள். குதிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஹவுஸ்கீப்பிங்

தள்ளுவண்டியை அருகிலுள்ள அறைக்குள் தள்ளிவிடுங்கள். புகையில் அது ஒரு சுவர் போலாகிவிடும். நீங்கள் சுத்தம் செய்துகொண்டிருந்த அறையின் கதவுக் கட்டையை எடுத்துச் சாத்துங்கள். துணிக் களஞ்சியத்தையும் பணியாளர் கழிப்பறையையும் பார்ப்பது உங்கள் பொறுப்பு. சலவை அறையில் இருப்பவர் இஸ்திரிப்பெட்டியையும் உலர்த்தியையும் நிறுத்திவிட்டு வெளியே வரட்டும்.

மாடிக்கு ஒருவர் படிக்கட்டுத் தலைப்பில் நின்று, வலப்பக்கமாக வரிசையில் இறங்கச் சொல்ல வேண்டும். பிரதான படிக்கட்டில் புகை இருந்தால் பின்பக்க இரும்புப் படிக்குத் திருப்புங்கள். கடல் உப்பில் அதன் கதவுத் தாழ்ப்பாள் இறுகிப்போகும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அதைத் திறந்து பார்த்து எண்ணெய் இட்டுக் கையொப்பமிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

கூடுமிடம்

விருந்தினர் தமக்குத் தெரிந்த வழியில், அதாவது கடற்கரைக்கு ஓடப் பார்ப்பார்கள். அங்கே சிதறினால் எண்ண முடியாது. கச்சான்காற்று வீசும் நாட்களில் புகையும் அந்தப் பக்கமே போகும். காவலாளிகளில் ஒருவர் கடற்கரைப் படலையில் நின்று ஆட்களை வாகனத் தரிப்பிடத்திற்குத் திருப்ப வேண்டும். மற்றவர் பெரிய வாயிலைத் திறந்து, தீயணைப்பு வண்டிக்காக அதை மறிக்காமல் காக்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் புகை தரிப்பிடத்தின்மேல் வந்தால், கூட்டம் முழுவதையும் வீதியோரமாக நகரப் பக்கம் நகர்த்துங்கள்.

வரவேற்புப் பிரிவினர் பட்டியலுடன் வெளியே வந்து அறை அறையாகப் பெயர் கூப்பிட வேண்டும். வெளியே சென்றவர் என்று கையால் குறித்தவர்களைத் தொலைபேசியில் அழைத்து உறுதிசெய்யுங்கள். பணியாளர்களையும் எண்ணுங்கள். கணக்கில் வராதவர் இருந்தால் அறை எண்ணுடன் தீயணைப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். தேடி உள்ளே போகாதீர்கள். கடவுச்சீட்டு, மருந்து எதற்காகவும் எவரையும் மீண்டும் உள்ளே விட வேண்டாம். அந்த அதிகாரி அனுமதித்த பின்னரே கதவு திறக்கும்.

இரவு 10 மணிக்குப் பின்

பணியில் நால்வர்தான் இருப்பார்கள். வரவேற்பாளர் மேசையை விட்டு அசையாமல் அழைப்பும் அறிவிப்பும் செய்வார். ஒரு காவலாளி வாயிலுக்கு. மற்றக் காவலாளியும் மாடிப் பணியாளரும் சேர்ந்து, தீ உள்ள மாடியில் தொடங்கி, பிறகு அதற்கு மேலுள்ள மாடிகள், கடைசியாகக் கீழுள்ளவை என்று பார்ப்பார்கள். கடற்கரைப் படலைக்கு ஆள் இருக்காது. அதனால் இரவில் அது பூட்டப்படாமல் சாத்தி மட்டும் இருக்கும்; கடற்கரைக்குப் போனவர்களை வரவேற்பாளர் வெளியே வந்ததும் அழைத்துவருவார்.

ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணிக்குப் பயிற்சி நடைபெறும். இரவுப் பணியாளர்களுக்கு அதே வாரம் வியாழக்கிழமை இரவு 10.30 மணிக்குத் தனியாக நடைபெறும்.

பொது முகாமையாளர்