மறுகட்டுமானம்: இடைக்கால வாடகையும் நமக்குத் திரும்பக் கிடைக்கும் பரப்பும்

16 வீட்டுக்காரர்களுக்கும் வணக்கம். கூட்டம் முடிந்ததிலிருந்து இந்த இரண்டைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறீர்கள், அதனால் எழுத்திலேயே தந்துவிடுகிறோம்.

முதலில் வாடகை. பழைய சாவியைக் கொடுக்கும் நாள் முதல் புதுச் சாவி கைக்கு வரும் நாள் வரை வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய். பில்டர் 18,000-இல் ஆரம்பித்தார். மேற்கு மாம்பலத்தில் அந்தக் காசுக்கு இரண்டு பெட்ரூம் வீடு எங்கே கிடைக்கும் என்று கேட்டுத்தான் இதற்குக் கொண்டுவந்தோம். 12-ஆவது மாதத்திலிருந்து 27,500. முதல் 11 மாத வாடகை மொத்தமாக உங்கள் கணக்கில் ஏறிய பிறகுதான் காலி செய்ய வேண்டும், அதற்கு முன்னால் யார் வந்து அவசரப்படுத்தினாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். வேலை 22 மாதம் என்கிறார்கள். இழுத்தாலும் வாடகை நிற்காது, அதற்கு வங்கி உத்தரவாதம் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாமான் ஏற்றி இறக்க, போக வர சேர்த்து 20,000. அட்வான்ஸுக்குத் தரும் ஒன்றரை லட்சம் மட்டும் கடன், திரும்பி வரும்போது கொடுத்துவிட வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இதே தொகைதான். ஆனால் குடியிருப்பவர்களிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் அவர்களும் வீடு தேட முடியும்.

அப்புறம் பரப்பு. பத்திரத்தில் 780 சதுர அடி என்று இருப்பது வெளிச்சுவரையும் சேர்த்து. பொறியாளரை வைத்து ஒவ்வொரு வீட்டையும் டேப் பிடித்து அளந்ததில் உள்ளே 610 வந்தது. புது வீட்டில் 660 கார்பெட் ஏரியா, பால்கனி 40 தனி. பில்டரின் தாளில் பெரிதாகப் போட்டிருக்கும் 1,020-ஐப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை எல்லாவற்றின் பங்கும் ஏறியிருக்கிறது. ரெரா சட்டப்படி கார்பெட் ஏரியாவில் உட்சுவர் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. ஒப்பந்தத்தில் அந்த 660 எழுதப்பட்டிருக்க வேண்டும், குறைந்தால் சதுர அடிக்கு எவ்வளவு ஈடு என்பதும் இருக்க வேண்டும். இது இல்லாமல் குழு கையெழுத்துப் போடாது.

நிலத்தில் நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, அதாவது யூ.டி.எஸ். குறையும், இதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நம் நிலம் 4 கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி. இப்போது ஆளுக்கு 600. புதுக் கட்டடத்தில் ஒரே அளவில் 22 வீடு என்பதால் சுமார் 436 ஆகும். கட்டுமானச் செலவுக்கு நாம் பைசா தராததற்கு இதுதான் விலை.

தரைத்தளம் கார் நிறுத்தப் போய்விடுவதால் எல்லாரும் ஒரு மாடி மேலே போகிறோம். கீழ்வீட்டுப் பெரியவர்களுக்கு இது கஷ்டம்தான். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு கேட்டது அவர்களுக்காகவே.

2022 அடுக்குமாடிச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு சம்மதம், அதாவது 11 பேர் போதும். ஆனாலும் 16 பேரிடமும் பேசிவிட்டுத்தான் மேலே போவோம். ஞாயிறு மாலை 5 மணிக்கு மாடியில் கூடுகிறோம், பத்திர நகல் கொண்டு வாருங்கள். மூலப்பத்திரம் வங்கிக் கடனில் இருந்தால் அதற்கு முன்பே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

— மறுகட்டுமானக் குழு