குரூப் 2 முடியுற வரைக்கும் தம்பிக்கு டெய்லி ரொட்டீன்

தம்பி, இத டேபிள் மேல ஒட்டி வச்சுக்கோ. காலைல 5:30க்கு எந்திரிச்சதும் ஒரு டம்ளர் தண்ணி, அப்புறம் மொட்டமாடில 20 நிமிஷம் வேகமா நட, வியர்வை வரணும், போன் கீழயே இருக்கட்டும். காலை சாப்பாட்ட மட்டும் விட்டுடாதடா, இட்லியோ கேழ்வரகு கூழோ, கூட ஒரு முட்டை.

மதியம்தான் உனக்கு பிரச்சனையே, சோத்த மலையா குவிச்சு சாப்பிட்டா 2 மணிக்கு பாலிட்டி புக்கு மேலயே தூங்கிடுவ, அதனால சோறு ஒரு கரண்டி கம்மி, கீரை, பொரியல், பருப்பு ஜாஸ்தி, கடைசில மோர். அப்பவும் கண்ண சொக்குச்சுன்னா அலாரம் வச்சு 20 நிமிஷம் படு, தப்பில்ல.

ஒரு லிட்டர் பாட்டில் பக்கத்துலயே இருக்கட்டும், மதியத்துக்குள்ள ஒன்னு, ராத்திரிக்குள்ள இன்னொன்னு, வெயில் நாள்ல இன்னும் கூட குடி. மணிக்கு ஒருதடவ எந்திரிச்சு கழுத்து, தோள்பட்டைய சுத்து.

சாயந்திரம் சுண்டல், 4 மணி டீயோட காபி டீ ரெண்டும் கட், இல்லனா ராத்திரி புரண்டுகிட்டே கிடப்ப. 8 மணிக்குள்ள டிபன், 10:30க்கு லைட்ட அணைச்சிடு. ஞாயித்துக்கிழமை நடைக்கு பதிலா ஷட்டில் ஆடிட்டு வா, அம்மாகிட்ட சொல்லிட்டேன்.